பலூன் தவணையில் மீன் வண்டி: மண்டபம், பாம்பன் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடம் வண்டிக் கடன் கோப்புகளை எழுதியவன் நான். இப்போது உச்சிப்புளியில் ஓட்டுநர்களுக்குக் கணக்கு வழக்கு பார்த்துக் கொடுக்கிறேன். மீன் லோடு அடிக்கப் புது வண்டி எடுப்பவர்கள் கேட்கும் கேள்விகளை, அவர்கள் கேட்டபடியே இங்கே வைத்திருக்கிறேன். கணக்கு குழம்பக் கூடாது என்பதற்காக எல்லாப் பதிலிலும் ஒரே வண்டிதான் வரும். கடன் 8,00,000 ரூபாய், வட்டி வருடத்துக்கு 12 சதவீதம் (மாதம் 1 சதவீதம், குறையும் பாக்கிக்கு), தவணை 48 மாதம்.

டியூ கம்மியா வருதுன்னு சொல்றாங்க. அது எப்படிக் கம்மியாகுது?

கடனை இரண்டாக வெட்டிப் பாருங்கள். 8 லட்சத்தில் 2,40,000 ரூபாயைத் தனியே எடுத்து, "இதைக் கடைசி மாதம் மொத்தமாகத் தா" என்று ஒதுக்கி வைக்கிறார்கள். அதுதான் பலூன். மீதி 5,60,000 ரூபாய் வழக்கமான கடன் போல மாதாமாதம் கரையும். அதற்கான தவணை 14,747 ரூபாய்.

ஒதுக்கி வைத்த 2,40,000 சும்மா கிடக்காது. அதற்கு மாதம் 1 சதவீதம், அதாவது 2,400 ரூபாய், வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். நாற்பத்தெட்டு மாதமும் வட்டி மட்டும்தான் கட்டுகிறீர்கள், அசலில் ஒரு ரூபாய் குறையாது. நகையை அடகு வைத்துவிட்டு வட்டியை மட்டும் கட்டி வருவது போலத்தான். இரண்டையும் கூட்டினால் 17,147. அதுதான் உங்கள் டியூ.

பலூன் இல்லாமல் எடுத்திருந்தால் டியூ 21,067. வித்தியாசம் மாதம் 3,920 ரூபாய். ஷோரூமில் பெரிய எழுத்தில் காட்டுவது இந்த 3,920 ரூபாயைத்தான்.

கணினியில் எக்செல் இருந்தால் நீங்களே போட்டுப் பார்க்கலாம்:

```
=PMT(12%/12, 48, -800000, 240000)
```

கடைசி எண்தான் பலூன். அந்த இடத்தில் 0 போட்டால் சாதாரணக் கடனின் தவணை வரும்.

மொத்தத்துல எவ்வளவு கூடக் கட்டுறோம்?

51,840 ரூபாய். சாதாரணக் கடனில் நான்கு வருடத்தில் கட்டுவது 10,11,216. பலூனில் தவணையாக 8,23,056, கடைசியில் 2,40,000, ஆக 10,63,056. இது பலூனைச் சொன்ன நாளில் முழுசாகக் கட்டினால் வரும் கணக்கு. கட்ட முடியாமல் போனால் வரும் கணக்கு வேறு, அதைக் கீழே சொல்கிறேன்.

எனக்குக் கொடுத்தது பலூன் கடனான்னே தெரியலை. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

டியூவை மாத எண்ணிக்கையால் பெருக்குங்கள். 17,147 பெருக்கல் 48 என்றால் 8,23,056. வாங்கிய கடன் 8,00,000. நான்கு வருடத்துக்கு வெறும் 23,000 ரூபாய் வட்டிக்கு உங்களுக்கு யாரும் கடன் கொடுக்கப் போவதில்லை. பெருக்கி வந்த தொகை கடனுக்குக் கிட்டத்தில் நின்றாலோ, அதைவிடக் குறைந்தாலோ, கடைசியில் ஒரு பெரிய தொகை ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு தவணை அட்டவணையின் கடைசி வரியைப் பாருங்கள். முதல் பக்கத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள், கடைசி வரி மூன்றாம் பக்கத்தில் இருக்கும். 2024 அக்டோபர் 1 முதல், ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்கள் புதிய சில்லறைக் கடன்களுக்கும் சிறு தொழில் கடன்களுக்கும் 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்' என்ற தாளைக் கொடுக்க வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். தவணை அட்டவணையும், எல்லாச் செலவும் சேர்த்த வருட வட்டி விகிதமும் அதில் இருக்கும். தமிழில் கேட்டு வாங்குங்கள். "அப்புறம் அனுப்புறேன் சார்" என்றால் கையெழுத்தும் அப்புறம்தான்.

மிச்சமாகுற 3,920-ஐ சேர்த்து வெச்சுக் கடைசியில கட்டிடலாமே?

எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை இதுதான். கணக்கு இடிக்கிறது. 3,920 ரூபாயை 48 மாதம் ஒரு மாதம்கூடத் தவறாமல் 6 சதவீத வட்டி கிடைக்கும் தொடர் வைப்பில் போட்டால், முடிவில் ஏறக்குறைய 2,12,000 வரும். 28,000 ரூபாய் துண்டு விழும். கடனுக்கு 12 சதவீதம் கொடுத்துவிட்டு, சேமிப்புக்கு 6 சதவீதம் வாங்கினால் வேறென்ன ஆகும்? 2,40,000 வேண்டுமானால் மாதம் 4,440 ரூபாய் அளவுக்குப் போட வேண்டும்.

இன்னொன்று, தவறாமல் போடுவது நம் தொழிலில் நடக்கிற காரியமா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போக டோக்கன் கிடையாது. இலங்கைக் கடற்படை படகைப் பிடித்தால் வேலைநிறுத்தம். படகு கடலுக்குப் போகாத நாளில் வண்டிக்கு லோடு ஏது? நாட்டுப்படகு மீனை நம்பி ஓட்டினால் டீசலுக்கும் டியூவுக்கும் தேறும், சேமிப்புக்குத் தேறாது.

அப்ப பலூனே வேண்டாங்கிறீங்களா அண்ணே?

எல்லோருக்கும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கீழக்கரையில் எனக்குத் தெரிந்த ஒருவர் எடுத்தார். அவர் தம்பி வளைகுடாவில் இருக்கிறார். வேலை ஒப்பந்தம் முடிந்து எந்த மாதம் கையில் எவ்வளவு வரும் என்பது எழுத்தில் இருந்தது. பலூன் அதற்கு மூன்று மாதம் பின்னால் விழும்படி வைத்தார். அப்படி ஒரு தொகை எங்கிருந்து, எந்த மாதம் வரும் என்று ஒரே வரியில் சொல்ல முடிந்தால் எடுங்கள். "நாலு வருஷம் இருக்குல்ல, பாத்துக்கலாம்" என்பவருக்கு இது வேண்டாம்.

கடைசித் தொகை எந்த மாசம் விழும்னு யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. அது அவ்வளவு முக்கியமா?

எவ்வளவு என்பதைவிட எந்த மாதம் என்பதுதான் நம் கரையில் முக்கியம். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

இங்கே வண்டி எடுப்பவர்கள் பெரும்பாலும் எப்போது எடுக்கிறார்கள்? தடைக்காலத்தில். ஓட்டம் இல்லை, ஷோரூமுக்கும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் அலைய நேரம் இருக்கிறது. பின்னால் பெட்டி கட்டி, தகரம் அடித்து, ஜூன் 15 தடை விலகும்போது வண்டி தயாராக நிற்க வேண்டும். நியாயமான யோசனைதான். ஆனால் 2025 மே மாதம் வண்டி எடுத்து, ஜூனில் முதல் டியூ கட்டினால், 48-வது டியூ 2029 மே மாதம். தடைக்காலத்தின் நட்ட நடு. அந்த மாதம் உங்களிடம் கேட்பது 17,147 அல்ல, 2,57,147.

அதோடு முடியவில்லை. வண்டியின் இன்சூரன்ஸ் வருடாவருடம் அதே மே மாதம் முடியும். புது சரக்கு வண்டிக்கு எப்.சி. முதலில் இரண்டு வருடம், பிறகு எட்டு வருடம் ஆகும்வரை இரண்டிரண்டு வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். ஆக நான்காம் வருட எப்.சி.யும் அதே மே மாதம். நம் ஊர் உப்புக்காற்றில் ஓடிய வண்டியை எப்.சி.க்குக் காட்டுவதற்கு முன் டிங்கரிங்கும் பெயின்டும் பார்க்காமல் முடியுமா? பலூன், இன்சூரன்ஸ், எப்.சி. மூன்றும் வருமானமே இல்லாத ஒரே மாதத்தில் வாசலில் வந்து நிற்கும்.

அதை மாத்த முடியுமா?

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் முடியும். 48 என்பது சாமி சொன்ன எண் அல்ல, பழக்கத்தால் போடுவது. "எனக்கு 45 மாதம் போடுங்கள்" என்று கேளுங்கள். ஜூன் 2025-ல் தொடங்கினால் 45-வது டியூ 2029 பிப்ரவரியில் வரும். மாசி மாதம் பருவமழை ஓய்ந்து படகுகள் ஒழுங்காகப் போய் வரும் காலம். தடைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும். டியூ 17,147-லிருந்து 17,915 ஆகும், மாதம் 768 ரூபாய்தான் கூடுதல். அதற்குப் பதிலாக 2029 தடைக்காலத்தில் உங்களுக்கு டியூவே இருக்காது, எப்.சி., இன்சூரன்ஸ் செலவு மட்டும்தான்.

"சிஸ்டத்தில் 36, 48, 60 மட்டும்தான் சார் வரும்" என்று கிளையில் சொல்லலாம். சில இடத்தில் அது உண்மையாகவும் இருக்கும். அப்படியானால் வண்டி எடுக்கும் மாதத்தை நகர்த்துங்கள், அல்லது வேறு இடத்தில் கேளுங்கள். 53 மாதம் கொடுத்தால் அக்டோபரில் விழும். நான் அதை விரும்புவதில்லை. புயல் காலத்தின் வாசல் அது.

டிராக்டருக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தவணை கொடுக்கிறாங்க. மீன் வண்டிக்குக் கிடையாதா?

அறுவடையை ஒட்டித் தவணை அமைப்பது டிராக்டர் கடனில் பழைய வழக்கம். வண்டிக் கடனிலும் வருமானத்தை ஒட்டித் தவணையைக் கூட்டிக் குறைத்து அமைத்துத் தரும் நிறுவனங்கள் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள். மே, ஜூனில் வட்டி மட்டும், மீதி மாதங்களில் கொஞ்சம் கூடுதல் என்று அமைந்தால், பலூனைவிட அதுதான் நமக்குப் பொருந்தும். கடைசியில் பாறாங்கல் எதுவும் விழாது.

கடைசியில காசு இல்லைன்னா வண்டியை வித்துக் கட்டிடலாம்ல?

என் மச்சான் இப்படித்தான் நினைத்தார். தங்கச்சிமடத்திலிருந்து மதுரைக்கு ஓட்டிய வண்டி. எஞ்சின் அருமையாக இருந்தது. விற்கலாம் என்று ராமநாதபுரத்து புரோக்கரைக் கூட்டிவந்தார். அவர் எஞ்சினைக் கேட்கவே இல்லை. குனிந்து, பின்பெட்டிக்கு அடியில் சேசிஸின் குறுக்குச் சட்டத்தை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினார். "டங்" என்று வர வேண்டிய இடத்தில் "தொப்" என்று வந்தது. முனையைத் திருப்பி அழுத்தினார். பிஸ்கட்டில் இறங்குவது போல இறங்கியது.

ஐஸ் உருகி, மீன் கழிவோடு சேர்ந்து வடியும் தண்ணீர் வெறும் உப்புத் தண்ணீரைவிட மோசம். பலகை இடுக்கில் தேங்கி, சட்டத்தின் மடிப்புக்குள் இறங்கி, உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். மதுரைக்காரர் மளிகை லோடு அடித்த நான்கு வருட வண்டியும், பாம்பனில் மீன் அடித்த நான்கு வருட வண்டியும் ஒரே விலைக்குப் போகாது. பலூன் தொகையை நிர்ணயிக்கிறவர்கள் பார்ப்பது பொதுச் சந்தை விலையை. உங்கள் வண்டியின் அடியை அவர்கள் பார்த்ததில்லை.

மச்சானுக்கு அன்றைக்குக் கேட்ட விலை, பலூனையும் கடைசி டியூவையும் கட்டிய பிறகு கையில் எட்டாயிரம்தான் நிற்கும் அளவில் இருந்தது. நான்கு வருட உழைப்புக்கு எட்டாயிரம். விற்கவில்லை. அக்கா சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள்.

எனவே பலூன் எடுத்தே தீருவது என்றால், இங்கே மீன் அடித்து நான்கு வருடம் ஆன அதே மாடல் வண்டி என்ன விலைக்குப் போகிறது என்று இரண்டு புரோக்கரிடம் கேளுங்கள். அதில் பாதிக்கு மேல் பலூன் போகாமல் வைத்துக்கொள்ளுங்கள். 'பாதி' என்பது என் கணக்கு, சட்டம் அல்ல. ஓட்டம் முடிந்ததும் பெட்டியை நல்ல தண்ணீரில் கழுவி, வடிகால் குழாயைச் சட்டத்துக்கு வெளியே நீட்டி விடுங்கள். குழாய்க்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான்.

நாலு வருஷத்துல கம்பெனியே வண்டியைத் திருப்பி எடுத்துக்கும்னாங்களே?

அது தனி ஒப்பந்தம். எந்த விலைக்கு, எத்தனை கிலோமீட்டருக்குள், எந்த நிலையில் இருந்தால் எடுப்பார்கள் என்று எழுத்தில் இருக்க வேண்டும். வாயால் சொன்னது செல்லாது. துரு இருந்தால் எடுக்க மாட்டோம் என்று ஒரு வரி அதில் இருந்தால், நம் ஊருக்கு அந்த ஒப்பந்தமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பலூனுக்கு மட்டும் திரும்பக் கடன் போட்டுத் தர்றோம்னு சொல்றாங்க. போடலாமா?

வேறு வழி இல்லாதபோது போடலாம். ஆனால் இப்போது அது பழைய வண்டிக் கடன், வட்டி கூடும். 16 சதவீதத்தில் 24 மாதம் என்று வைத்தால் டியூ ஏறக்குறைய 11,750 ரூபாய், வட்டி மட்டும் 42,000 ரூபாய். முன்னே சொன்ன 51,840-ஐயும் சேர்த்தால், சாதாரணக் கடனைவிட 94,000 ரூபாய்க்குக் கிட்ட கூடுதல். செயல்பாட்டுக் கட்டணம் தனி.

கேட்க வேண்டிய நேரம், பலூனுக்கு ஆறு மாதம் முன்னால். அப்போது உங்கள் தவணைப் பதிவு சுத்தமாக இருக்கும், நான்கு இடத்தில் விசாரிக்கலாம். தேதி தாண்டிய பிறகு கேட்டால் அவர்கள் சொல்வதுதான் வட்டி. வங்கியில் நகைக்கடன் இதைவிடக் குறைந்த வட்டிக்குக் கிடைக்குமா என்றும் பார்த்துவிடுங்கள். பல பேருக்குக் கிடைக்கிறது.

நடுவுல கையில காசு வந்தா பலூன்ல கொஞ்சம் கழிக்கலாமா?

ஒப்பந்தம் இடம் கொடுத்தால் கழிக்கலாம். நல்ல சீசனில் 20,000 கட்டி, பலூனை 2,20,000 ஆக்கினால் அன்றிலிருந்து மாதம் 200 ரூபாய் வட்டி குறையும். இரண்டு விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள். ஒன்று, பகுதித் தொகை கட்ட அபராதம் உண்டா. நிலையான வட்டிக் கடனில் பல இடத்தில் உண்டு. இரண்டு, கட்டிய பணம் பலூனிலிருந்து கழியுமா, மாதத் தவணையிலிருந்து கழியுமா. ஒன்றும் சொல்லாமல் கட்டினால், வரும் மாத டியூவுக்கு முன்பணமாக வரவு வைத்துவிட்டு, பலூனை அப்படியே நிறுத்திவிடுவார்கள்.

தேதிக்குக் கட்டலைன்னா உடனே வண்டியைத் தூக்கிடுவாங்களா?

மறுநாளே தூக்குவது வழக்கம் இல்லை, ஆனால் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். முதலில் ஆட்டோ டெபிட் திரும்பும். உங்கள் வங்கியும் கட்டணம் பிடிக்கும், கடன் கொடுத்தவரும் பிடிப்பார். பிறகு அபராதக் கட்டணம். 2024 ஏப்ரல் 1 முதல் இதை வட்டியாகப் போடக் கூடாது, கட்டணமாகத்தான் போட வேண்டும், அதை அசலில் சேர்த்து அதற்கு மேல் வட்டி போடவும் கூடாது. கணக்குத் தாளில் அப்படி இருந்தால் எதிர்த்துக் கேளுங்கள்.

90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். 48 தவணையை ஒழுங்காகக் கட்டியவர் என்பது அப்போது சிபிலில் உதவாது. அந்தக் கட்டத்தில் ஒப்பந்தத்தின்படி நோட்டீஸ் கொடுத்து வண்டியை எடுக்கலாம். வசூலுக்கு வருபவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஏலத்தில் வந்த பணம் பாக்கிக்குப் போதாவிட்டால், மீதியும் உங்கள் தலையில்தான்.

தடைக்காலத்தில் மாட்டிக்கொண்டால் ஒளியாதீர்கள். தேதிக்கு முன்பே கிளைக்குப் போய், ஜூலை, ஆகஸ்டில் இரண்டாகப் பிரித்துக் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

விபத்துல வண்டி முழுசாப் போயிட்டா இன்சூரன்ஸ் பணம் யாருக்கு?

இன்சூரன்ஸ் பணம் முதலில் கடன் கொடுத்தவருக்குப் போகும். இரண்டு வருட முடிவில் வண்டி போய், 6,00,000 ரூபாய் வந்தது என்று வைப்போம். சாதாரணக் கடனில் பாக்கி 4,47,538, உங்கள் கைக்கு ஒன்றரை லட்சம் வரும். பலூனில் பாக்கி 5,53,274, கைக்கு வருவது 46,726. அடுத்த வண்டிக்கு முன்பணம் கட்ட நிற்கும்போதுதான் இந்த வித்தியாசம் உறைக்கும்.

எல்லாம் கட்டி முடிச்சாச்சு. அப்புறம் என்ன?

என்.ஓ.சி.யும், கடன் கொடுத்தவர் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வாங்கி, ராமநாதபுரம் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆர்.சி.யிலிருந்து எச்.பி.யை நீக்குங்கள். என்.ஓ.சி.யை பீரோவில் வைத்துவிட்டு மறந்தவர்கள் இங்கே ஏராளம். இரண்டு வருடம் கழித்து வண்டியை விற்கப் போகும்போது, ஆர்.சி.யில் பழைய பைனான்ஸ் பெயர் அப்படியே நிற்கும். அதற்குள் அந்தக் கிளை வேறு ஊருக்குப் போயிருக்கும்.